முந்திரி லேபிள் முடிந்தது: ஃபைலை ஒப்படைப்பது எப்படி?

வடிவமைப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கடைசி நாளில் செய்வது பெரும்பாலும் இதுதான்: பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, "ஃபைனல் அனுப்பிட்டேன்க்கா, செக் பண்ணிக்கோங்க" என்று ஒரு வரி. மூன்று மாதம் கழித்து லேபிள் தீர்ந்துபோகும். கடைக்காரர் போனில் அந்தப் பிடிஎஃப் இருக்காது. இருந்தாலும் பிரஸ்காரர் திறந்தால் எழுத்து சிதறும். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குப் போன் வரும்.

கடலூர்ப் பக்கம் அடிக்கடி வரும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு ஒப்படைப்பை முழுவதுமாகப் பார்ப்போம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன முந்திரிக் கடை. பண்ருட்டியிலிருந்து பருப்பு வாங்கி, பவுச்சில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கிறார்கள். கடையை நடத்துவது ஒரு அக்கா. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் போனில்தான். லோகோவும், கால் கிலோ, அரை கிலோ பவுச்சுக்கான லேபிளும் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஃபைல்களை அடுக்குவதற்கு முன்னால் அக்காவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: "அடுத்த ஒரு வருஷத்துல இந்த லேபிளை வச்சு என்னென்ன செய்யப் போறீங்க?" பதில் அநேகமாக இப்படி வரும். அதே லேபிளை மறுபடி அடிக்கணும். விலை ஏறினா மாத்தணும். தீபாவளிக்குக் கடை வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல லோகோ போடணும். ஒருவேளை நூறு கிராம் பவுச்சும் கொண்டு வரலாம்.

இந்த ஐந்தில் முதல் நான்கை உங்களைக் கூப்பிடாமலே அக்கா முடிக்க வேண்டும். ஐந்தாவதற்கு ஒரு வடிவமைப்பாளர் தேவை, ஆனால் அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இனி செய்யும் ஒவ்வொன்றும் இந்தப் பட்டியலில் ஏதோ ஒரு வேலைக்குப் பயன்பட வேண்டும். பயன்படாத ஃபைலைக் கொடுக்காதீர்கள். ஏழு மாடல் லோகோ, நிராகரித்த கலர், பாதியில் விட்ட டிசைன் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். அவை அக்கா கைக்குப் போனால் என்றைக்காவது ஒருநாள் அதில் ஒன்று அச்சாகி வரும்.

அடிக்கடி மாறுவதை டிசைனிலிருந்து வெளியே எடுங்கள்

முந்திரி விலை நிலையாக நிற்பதில்லை. எம்ஆர்பி எண்ணை டிசைனுக்குள் போட்டுவிட்டால், ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் ஃபைலைத் திருத்தி, புதிதாக அச்சடிக்க வேண்டும். ஆகவே மாறாதவற்றை மட்டும் அச்சில் விடுங்கள்: கடைப் பெயர், முகவரி, எடை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், புகாருக்கான தொலைபேசி எண், "அனைத்து வரிகளும் உட்பட" என்ற வாசகம். எம்ஆர்பி, பேக்கிங் தேதி, பேட்ச் எண் மூன்றுக்கும் தலைப்பை மட்டும் அச்சடித்துவிட்டு, பக்கத்தில் வெள்ளையாக இடம் விடுங்கள். கடையில் முத்திரை குத்திக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லேபிள் பளபளப்பாக இருக்கட்டும் என்று பிரஸ்காரர் மேலே லேமினேஷன் போட்டுவிட்டால், சாதாரண முத்திரை மை அதில் காயாது. விரல் பட்டதும் இழுவிவிடும். ஒன்று, லேமினேஷன் இல்லாத தாள் என்று பிரஸ்ஸிடம் சொல்ல வேண்டும். அல்லது பிளாஸ்டிக்கில் காயும் மையை வாங்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது ஒப்படைப்புக் குறிப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை பிரஸ் மாறலாம்.

இன்னொன்றையும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். விலை ஏறியது என்று, ஏற்கெனவே விலை குத்திய பாக்கெட்டில் புது ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கக் கூடாது. 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. விலையைக் குறைக்க மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல்.

பிரஸ்ஸுக்குப் போகும் ஃபைல்

நம் ஊரில் அதிகம் அடிபடுவது தமிழ் எழுத்துதான். அது இரண்டு விதமாகக் கெடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்து, பிரஸ் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லையென்றால், "பருப்பு" என்பது `gUg;G` என்று தெரியும். யாருக்கும் உடனே கண்ணில் படும், அதனால் ஆபத்து குறைவு. யூனிகோடு எழுத்துருவை ஒரு பழைய மென்பொருள் திறக்கும்போது நடப்பது வேறு. "கொட்டை" என்பதில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். ஆயிரம் லேபிள் அடித்த பிறகுதான் தெரியும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பிரஸ்ஸுக்குப் போகும் பிரதியில் எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றிவிடுவது. பிரஸ்காரர்கள் "கர்வ்ஸ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்பது இதைத்தான். கோரல்டிராவில் `Ctrl+Q`, இல்லஸ்ட்ரேட்டரில் `Shift+Ctrl+O`. மாற்றுவதற்கு முன் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. சரியாக மாறியதா என்று பார்க்க, பிடிஎஃப்பை அக்ரோபாட் ரீடரில் திறந்து `Ctrl+D` அழுத்தி, `Fonts` பகுதியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் எல்லாம் வடிவமாகிவிட்டது. ஏதாவது ஒரு எழுத்துருவின் பெயர் அங்கே இருந்தால், எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முகவரியாக இருக்கும்.

அளவு அடுத்தது. நம் லேபிள் வெட்டிய பிறகு 90 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம் என்று வையுங்கள். பின்னணிக் கலர் சுற்றிலும் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும், ஆக ஃபைல் 96க்கு 66. வெட்டும் கத்தி ஒரு நூல் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு. எழுத்து எதுவும் வெட்டும் கோட்டுக்கு உள்ளே 3 மி.மீட்டருக்குள் வரக் கூடாது.

கலரைத் திரைக்கான ஆர்ஜிபியிலிருந்து அச்சுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்த கறுப்பாக மாறிவிடும். பெரிய எழுத்தில் பரவாயில்லை. 6 பாயின்ட் முகவரியில் நான்கு மையும் மயிரிழை தவறி விழுந்தால், ஒவ்வொரு சுழிக்கும் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். சின்ன எழுத்தெல்லாம் தனிக் கறுப்பு, `K100` மட்டும் என்று கையால் மாற்றிவிடுங்கள்.

திருத்துவதற்கான ஃபைல்

இது அக்காவுக்கு அல்ல, உங்களுக்குப் பின்னால் வரப்போகும் வடிவமைப்பாளருக்கு. எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பு, அதில் பயன்படுத்திய எழுத்துருக்கள், படங்கள். கோரல்டிரா என்றால் சேமிக்கும்போது `Version` பட்டியலில் சில பதிப்புகள் பழையதைத் தேர்ந்தெடுத்து ஒரு பிரதியும் வையுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது, பிரஸ்களில் பழைய பதிப்புகள் இன்னும் ஓடுகின்றன.

எழுத்துருவை அப்படியே கொடுத்துவிடலாமா என்றால், அது உரிமத்தைப் பொறுத்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை, தாராளமாகக் கொடுக்கலாம். காசு கொடுத்து வாங்கியது என்றால் பெயரையும் வாங்குமிடத்தையும் மட்டும் எழுதுங்கள். புதியவர்கள் திறந்த உரிமத்தில் இருப்பதையே வேலைக்கு எடுத்தால், கடைசி நாளில் இந்தத் தலைவலியே இல்லை.

போனுக்கான படங்கள்

லோகோ இரண்டு வடிவில் போதும். வெள்ளைப் பின்னணியோடு ஒரு ஜேபெக், பின்னணி இல்லாத ஒரு பிஎன்ஜி. பின்னணி இல்லாததை மட்டும் கொடுத்தால், சில போன்களின் கேலரியில் அது கறுப்புப் பின்னணியில் தெரியும். "தம்பி, லோகோ கறுப்பாயிடுச்சு" என்று அக்கா பதறுவார்.

ஃப்ளெக்ஸுக்கு லோகோவின் பிடிஎஃப் ஒன்று தனியாக வேண்டும். பத்தடி பேனருக்கு ஜேபெக்கைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி வரும். பிடிஎஃப்பில் கோடுகள் கணக்காகவே இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது.

பெயர் வைப்பதும் அடுக்குவதும்

அக்கா பேசும் சொல்லிலேயே ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். முந்திரி வியாபாரத்தில் W320 என்பது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும் முழுப் பருப்புத் தரம். கடையில் அதை "முந்நூத்தி இருபது" என்றுதான் சொல்வார்கள். "பிரீமியம் லேபிள்" என்று நீங்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் புரியாது. ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, சில பழைய கம்ப்யூட்டர்களில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

```
0_MUDHALIL_PADIKKAVUM_2025-06.pdf
1_PRESS/
   label_W320_250g_PRINT_2025-06.pdf
   label_W320_500g_PRINT_2025-06.pdf
   logo_FLEX.pdf
2_EDIT/
3_WHATSAPP/
   logo_vellai.jpg
   logo_bg_illai.png
```

முன்னால் உள்ள எண் வரிசையைக் காக்கும். பின்னால் உள்ள ஆண்டும் மாதமும் எது புதியது என்று சொல்லும். `final`, `final2`, `final_new` என்ற சங்கிலிக்கு இங்கே இடமே இல்லை.

ஒப்படைப்புக் குறிப்பு

ஒரே பக்கம். இதைப் படிக்கப் போவது அக்காவும், பிளஸ் டூ படிக்கும் அவர் மகனும், என்றைக்காவது ஒருநாள் ஒரு பிரஸ்காரரும். ஃபைல்களின் பட்டியலாக எழுதாதீர்கள், வேலைகளின் பட்டியலாக எழுதுங்கள். "1_PRESS ஃபோல்டரில் அச்சுக் கோப்புகள் உள்ளன" என்பது யாருக்கும் உதவாது. "லேபிள் தீர்ந்துபோனால்" என்று தொடங்கினால் உதவும். நம் கடைக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்:

> லேபிள் தீர்ந்துபோனால்: 1_PRESS ஃபோல்டரில் 250g அல்லது 500g ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பவும். வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" ஆக அனுப்பவும், ஃபோட்டோவாக வேண்டாம். பிரஸ்ஸில் சொல்ல வேண்டியது: "90க்கு 60 மி.மீ., பின்னால் பசையுள்ள தாள், லேமினேஷன் வேண்டாம், கர்வ்ஸ் ஆகிவிட்டது, எதையும் மாற்ற வேண்டாம்."
>
> அச்சு வந்ததும் பார்க்க வேண்டியது: கடையில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் மாதிரி லேபிளோடு கலரை ஒப்பிடவும். "கொட்டை" என்ற சொல்லையும் முகவரியின் கடைசி வரியையும் எழுத்துக் கூட்டிப் படிக்கவும். ஒன்றில் முத்திரை குத்தி, ஒரு நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பார்க்கவும்.
>
> விலை மாறினால்: ஃபைலைத் தொட வேண்டாம். முத்திரையில் எண்ணை மாற்றினால் போதும். பழைய விலை குத்திய பாக்கெட்டில் கூடுதல் விலை ஒட்டக் கூடாது.
>
> ஃப்ளெக்ஸ் அடிக்க: logo_FLEX ஃபைலை மட்டும் கொடுக்கவும். ஆரஞ்சுக் கலர் எண்: C0 M60 Y100 K0.
>
> வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு: logo_vellai.
>
> முகவரி, போன், எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மாறினால், புது அளவு பவுச் வந்தால்: வடிவமைப்பாளர் தேவை. 2_EDIT ஃபோல்டரை முழுவதுமாகக் கொடுக்கவும். எழுத்துரு அதற்குள்ளேயே இருக்கிறது.
>
> லேபிள் வெட்டும் டை: கடைசியாக அடித்த பிரஸ்ஸில் இருக்கிறது. காசு கொடுத்தது கடை. பிரஸ் மாறினால் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஓரம் வளைந்த லேபிளுக்கு வெட்டும் டை ஒன்று செய்வார்கள். நேரடியாகப் பவுச்சிலேயே கிராவ்யூர் முறையில் அச்சடித்தால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர் உண்டு, அதற்கு நல்ல காசு ஆகும். இவையெல்லாம் கணினியில் இல்லாத பொருள்கள், ஆனால் வேலையின் பாகம். எங்கே இருக்கிறது, யாருடையது என்று எழுதாவிட்டால், பிரஸ் மாறும் நாளில் மறுபடி முதலிலிருந்து காசு.

கடவுச்சொல் எதையும் இந்தக் குறிப்பில் எழுதாதீர்கள். இந்தத் தாள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்படும், வருவோர் போவோர் எல்லாரும் பார்ப்பார்கள்.

எங்கே வைப்பது

உங்கள் கூகுள் டிரைவ் லிங்கை அனுப்புவது ஒப்படைப்பு ஆகாது. இடம் நிறைந்து நீங்கள் அதை அழிக்கும் நாளில் அக்காவிடமிருந்தும் போய்விடும். கடையின் ஜிமெயில் கணக்கில் அவர்கள் போனிலிருந்தே நுழைந்து, ஃபோல்டரை அங்கே ஏற்றுங்கள். உங்கள் போனில் அந்தக் கணக்கு திறந்திருந்தால் வெளியேறிவிடுங்கள்.

கூடவே ஒரு பென்டிரைவ். அதைக் கடையில் வைக்காமல் வீட்டில், உயரமான அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். 2015 மழையைப் பார்த்த கடலூர்க்காரருக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பேசாமல் உட்காரும் பத்து நிமிடம்

எல்லாம் கொடுத்த பிறகு, அக்காவிடம் அந்தத் தாளை மட்டும் கொடுத்துச் சொல்லுங்கள்: "அக்கா, கால் கிலோ லேபிள் தீர்ந்துபோச்சுன்னு வச்சுக்கோங்க. பிரஸ்ஸுக்கு அனுப்புங்க பார்ப்போம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." பிறகு வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

டிரைவ் செயலியைத் திறந்ததும் "எதைத் தொடணும் தம்பி?" என்று நிமிர்ந்தால், குறிப்பில் முதல் வரிக்கு முன்னால் இன்னொரு வரி தேவை என்று பொருள். ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டு, அதைத் திரையில் படம் பிடித்து அந்தப் படத்தை அனுப்பினால், "டாக்குமென்ட்" என்ற சொல் அவருக்குப் புரியவில்லை. அந்த இடத்தில் பேப்பர் கிளிப் குறியை வரைந்து காட்டுங்கள், அல்லது டிரைவிலிருந்து நேராகப் பகிரும் வழியை எழுதுங்கள். தடுக்கிய இடத்தையெல்லாம் அங்கேயே பேனாவால் திருத்தி, வீட்டுக்குப் போய்ச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள்.

முடிந்தால், நீங்கள் பழகாத ஒரு பிரஸ்ஸுக்கும் இதே ஃபைலை அக்கா மூலமாக அனுப்பி ஒரு தாள் மட்டும் மாதிரி எடுத்துப் பாருங்கள். கடலூரில் அடித்தது சரியாக வந்திருக்கும், பாண்டியில் அடித்தால் என்ன ஆகிறது என்பதுதான் சோதனை. அந்தப் பிரஸ்ஸிலிருந்து உங்களுக்குப் போன் வரவில்லையென்றால் ஃபைல் சரி.

கையெழுத்தும் காசும்

மீதிப் பணம் வந்த பிறகே அச்சுக் கோப்பையும் மூலக் கோப்பையும் கொடுங்கள். அதுவரை பார்வைக்கு, குறுக்கே எழுத்துப் போட்ட சின்ன ஜேபெக் போதும். இதை வேலை தொடங்கும்போதே சொல்லியிருந்தால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

லோகோவின் உரிமையைக் கடைக்கு மாற்றித் தருவதாகப் பேசியிருந்தால், வாய்வார்த்தை போதாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். பல கடைக்காரர்களுக்கு இது தெரியாது, பல வடிவமைப்பாளர்களுக்கும் தெரியாது. நாலு வரியில், எந்த லோகோ, எவ்வளவு காலத்துக்கு, எந்த நாட்டுக்கு, என்ன தொகைக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அதையும் ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள்.

குறிப்பின் அடியில் ஒரு தேதியும் எழுதுங்கள்: இந்தத் தேதி வரை சின்னச் சந்தேகங்களுக்குக் கூப்பிடலாம், அதன் பிறகு திருத்தம் என்றால் தனிக் கட்டணம். ஒரு மாதம் நியாயமான அளவு, அதற்குள் முதல் அச்சு வந்துவிடும். உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும், ஆனால் அதை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அக்காவிடமிருந்து போன் வந்தால், பதிலைச் சொல்லிவிட்டு அந்தக் கேள்வியைக் குறித்து வையுங்கள். குறிப்பில் அதற்கு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்த்து, மாதத்தை மாற்றி, புதுப் பிடிஎஃப்பை அவருக்கு அனுப்புங்கள். அடுத்த கடைக்குக் குறிப்பு எழுத உட்காரும்போது இதையே எடுத்துத் திருத்தத் தொடங்குங்கள்.